உன் நடப்புக் கணக்கு உன் முதல் அல்ல: சின்னப் பங்குதாரருக்கு ஒரு கடிதம்

ராணிப்பேட்டையில் தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் இடங்களுக்கு, ரசாயனம் விற்கிற கடை எங்களுடையது. பங்குதாரர்கள் இரண்டே பேர். நான் முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இன்னொருவர் என் நண்பரின் மகன், கடையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. முதல் வருஷக் கணக்கு முடிந்ததும் அவருக்கு வந்த சந்தேகத்துக்கு நான் எழுதிய பதில்தான் இது. கூட்டாகத் தொழில் செய்கிற வீடுகளில் இதே சந்தேகம் சண்டையாக முடிந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால், தொகைகளை மட்டும் முழு எண்களாக மாற்றி, கடிதத்தை அப்படியே தருகிறேன்.

வேலூர்
மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

திங்கட்கிழமை என் மேஜையில் நீ வைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்தேன். கணக்கு சாஃப்ட்வேரான டாலியில் பிரிண்ட் எடுத்து, உன் பெயர் வருகிற இரண்டு வரிகளுக்கும் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் 10,00,000 + 3,40,000 = 13,40,000 என்று கூட்டியிருந்தாய். அதற்குக் கீழே இரண்டு கேள்வி. ஒன்று, "என் முதல் 13,40,000 ஆகிவிட்டதே, பங்கு சதவீதத்தை மாற்ற வேண்டாமா மாமா?" இன்னொன்று, "காட்பாடி மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க அந்த 3,40,000 இப்போது கிடைக்குமா?"

இரண்டையும் சேர்த்துப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. முதல் கேள்வியில் அந்தப் பணம் கடையிலேயே கிடக்கப் போகிற முதலீடு, இரண்டாவதில் நாளைக்கே கையில் வரப் போகிற காசு. ஒரே தொகை ஒரே சமயத்தில் இரண்டுமாக இருக்க முடியாது. ஆனால் குற்றம் உன்னுடையது மட்டும் அல்ல. டாலியில் Capital Account என்ற ஒரே தலைப்பின் கீழ் நம் இரண்டு பேரின் முதலையும் நடப்புக் கணக்கையும் அடுத்தடுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் நீ கூட்டிய மாதிரிதான் கூட்டுவார்.

ஹாஸ்டல் டெபாசிட்டும் மெஸ் பாக்கியும்

நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்த நாளை நினைத்துப் பார். சேரும்போது டெபாசிட் என்று ஒரு தொகை கட்டினாய். மாதா மாதம் மெஸ் கணக்கு தனியாக ஓடியது. ஊருக்குப் போன நாட்களுக்குக் கழித்துக் கொடுத்தார்கள், முட்டை, சிக்கன் வாங்கினால் ஏற்றினார்கள். ஒரு மாதம் உனக்கு மிச்சம் இருக்கும், இன்னொரு மாதம் பாக்கி விழும். வருஷக் கடைசியில் மெஸ் கணக்கில் 3,400 ரூபாய் மிச்சம் இருந்தால், வார்டனிடம் போய் "என் டெபாசிட் 13,400 ஆகிவிட்டது, எனக்குப் பெரிய ரூம் கொடுங்கள்" என்று கேட்டிருப்பாயா? மாட்டாய். டெபாசிட் நீ அங்கே இருப்பதற்காகக் கட்டியது. மெஸ் மிச்சம் உனக்கும் ஹாஸ்டலுக்கும் அந்த மாதக் கொடுக்கல் வாங்கலில் நின்ற பாக்கி.

நம் கடையில் உன் 10,00,000 அந்த டெபாசிட் போல. அதைத்தான் மூலதனம் என்கிறோம், கடைத்தெருவில் 'முதல்' என்பார்கள். கூட்டாளிப் பத்திரத்தில் "இன்னார் இவ்வளவு முதல் போடுகிறார்" என்று தொகை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நீ உழைத்தாலும் ஏறாது, மாதம் பணம் எடுத்தாலும் இறங்காது. பத்திரத்தை மாற்றினால்தான் அது மாறும்.

3,40,000 மெஸ் கணக்கு போல. பங்குதாரரின் நடப்புக் கணக்கு என்று அதற்குப் பெயர். வருஷம் முழுக்கக் கடை உனக்குத் தர வேண்டியதும் நீ கடையிலிருந்து எடுத்ததும் ஒன்றுக்கொன்று கழிந்து நிற்கிற இடம் அது.

பெயரிலேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது. வங்கியில் கடை பெயரில் இருப்பதும் நடப்புக் கணக்குதான், கரண்ட் அக்கவுண்ட். அதில் இருப்பது நிஜப் பணம், செக் போட்டால் வரும். உன் பெயரில் பேரேட்டில் இருக்கும் நடப்புக் கணக்குக்கு வங்கியோடு சம்பந்தமே இல்லை. அது கடைக்கும் உனக்கும் இடையே உள்ள பாக்கியைச் சொல்கிற ஒரு பக்கம், அவ்வளவுதான். பெயர் ஒன்றாக இருப்பதால் "என் கரண்ட் அக்கவுண்டில் மூன்று நாற்பது இருக்கிறது" என்று சொல்லும்போது பெட்டியில் பணம் கிடப்பது மாதிரி காதில் விழுகிறது.

உன் 3,40,000 எங்கிருந்து வந்தது

கணக்கை வரி வரியாகப் போட்டுக் காட்டுகிறேன். போன வருஷம் ஏப்ரல் 1 அன்று நீ சேர்ந்தாய். என் முதல் 30,00,000, உன்னுடையது 10,00,000. முதலுக்கு வருஷம் 12 சதவீதம் வட்டி, உனக்கு மாதம் 25,000 சம்பளம், அதற்குப் பிறகு நிற்கும் லாபத்தில் எனக்கு 75, உனக்கு 25. இவை மூன்றும் பத்திரத்தில் இருக்கின்றன. நான் சம்பளம் எடுப்பதில்லை. காலையில் கோடவுனைத் திறந்து குரோம் பவுடர் மூட்டையை எண்ணுவது நீதானே.

மார்ச் 31 அன்று நமக்குக் கொடுப்பதற்கு முன் நின்ற லாபம் 17,80,000. அதில் முதலுக்கு வட்டியாக எனக்கு 3,60,000, உனக்கு 1,20,000 போனது. உன் சம்பளம் 3,00,000. மிச்சம் 10,00,000. கூட்டு நிறுவனத்தின் லாபத்துக்கு 30 சதவீதம் வருமான வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். ஆக 3,12,000. கடைசியில் நின்றது 6,88,000. அதில் கால் பங்கு, 1,72,000, உனக்கு.

இப்போது உன் நடப்புக் கணக்கின் இரண்டு பக்கம்:

வரவு
முதலுக்கு வட்டி: 1,20,000
சம்பளம்: 3,00,000
லாபப் பங்கு: 1,72,000
மொத்தம்: 5,92,000

பற்று
மாதம் 15,000 வீதம் எடுத்தது: 1,80,000
உனக்காகக் கடை கட்டிய எல்ஐசி பிரீமியம்: 22,000
தங்கை வளைகாப்புக்கு வாங்கியது: 50,000
மொத்தம்: 2,52,000

நின்ற வரவு இருப்பு: 3,40,000

வரவு, பற்று என்ற சொற்களைக் கொஞ்சம் கவனி. வீட்டுக் கணக்கில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். பேரேட்டில் உன் பெயருக்கு வரவு என்றால், கடை உனக்குத் தர வேண்டியது. பற்று என்றால், உனக்குக் கொடுத்தாகிவிட்டது, அல்லது நீ தர வேண்டியது. உன் கைக்கு வந்தது பற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது. வரவுப் பக்கத்தில் நிற்பது இன்னும் வராதது.

எழுதிய வரிகளில் ஒன்றாவது "முதல் போட்டார்" என்கிறதா? இல்லை. வட்டி, சம்பளம், லாபம் எல்லாம் கடை உனக்கு எழுதியவை. நீ வெளியிலிருந்து கொண்டு வந்தது ஒரு ரூபாய்கூட இந்தப் பக்கத்தில் கிடையாது.

தீபாவளிக்கு முன்னால் உன் அப்பாவிடம் வாங்கி நீ கொடுத்த 2,00,000 எங்கே என்று கேட்பாய். அது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஜாதி. பங்குதாரர் கடன் என்று தனிப் பக்கம் திறந்து எழுதி, ஜனவரியில் திருப்பிக் கொடுத்துப் பக்கத்தை மூடிவிட்டோம். ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் பங்குதாரர் கடைக்கு முன்பணம் கொடுத்தால் வருஷம் 6 சதவீதம் வட்டி கேட்கலாம் என்று 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது. நீ வட்டி வேண்டாம் என்றாய், அது உன் பெருந்தன்மை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், முதல் என்பது பத்திரம் எழுதிய தொகை, நடப்புக் கணக்கு என்பது வருஷக் கொடுக்கல் வாங்கலின் மிச்சம். முதலுக்கு வட்டி உண்டு என்று பத்திரம் சொல்கிறது. நடப்புக் கணக்கில் கிடக்கும் மிச்சத்துக்கு வட்டி என்று எங்கேயும் எழுதவில்லை, உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அப்படியானால் பங்கு சதவீதம்?

நீ போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. என் 30,00,000, உன் 13,40,000, ஆக 43,40,000. அதில் உன் பங்கு கிட்டத்தட்ட 31 சதவீதம். ஆனால் எனக்கும் ஒரு நடப்புக் கணக்கு இருக்கிறது என்பதை மறந்துவிட்டாயே! அதே தாளில் இரண்டு வரி மேலே பார். வட்டியும் லாபமும் சேர்த்து எனக்கு வரவு 8,76,000. வீட்டுச் செலவு, உன் அத்தைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று எடுத்தது 6,76,000. நின்றது 2,00,000. அதையும் சேர்த்தால் மொத்தம் 45,40,000, உன் சதவீதம் இருபத்தொன்பதரை. அத்தைக்கு ஆபரேஷன் நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். இந்த வழியில் போனால் யார் வீட்டில் காய்ச்சல் வந்தது, யார் வீட்டில் விசேஷம் நடந்தது என்பதை வைத்து லாபப் பங்கு மாறும். மார்ச் 30ஆம் தேதி ஒருவர் பணத்தை எடுத்து ஏப்ரல் 2ஆம் தேதி திருப்பிப் போட்டால் பங்கு மாறிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. லாபப் பங்கு முதலின் விகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. நமக்கு 75க்கு 25 என்று வந்தது 30க்கு 10 என்ற கணக்கோடு பொருந்தியிருக்கிறது, நாம் பேசி அப்படி வைத்துக்கொண்டதால். பேசாமலே விட்டிருந்தால் என்ன ஆகும் தெரியுமா? அதே 1932 சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி லாபமும் நஷ்டமும் சமபங்கு. ஒருவர் முப்பது லட்சம் போட்டிருந்தாலும், இன்னொருவர் பத்து லட்சம் போட்டிருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் ஆளுக்குப் பாதி. அதனால் உன் முதல் நிஜமாகவே ஏறினாலும் சதவீதம் தானாக மாறாது. அதைத் தனியாகப் பேசித் தனியாக எழுத வேண்டும்.

1996இல் என் கணக்கு

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. உன் வயதில் நானும் ஒரு பெரியவரிடம் சின்னப் பங்குதாரராக இருந்தேன். நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம். என் முதல் 1,00,000, லாபத்தில் 20 சதவீதம். நடப்புக் கணக்கில் 38,000 வரவு நின்றது. நானும் உன்னைப் போலவே இரண்டையும் கூட்டி, என் முதல் ஒன்று முப்பத்தெட்டு என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பாலாற்றில் தோல் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், நவம்பர் 30க்குள் சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று கெடு. ஆற்றுக்கு அது தேவைதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் எடுத்திருந்த சல்பைடுக்கும் குரோமுக்கும் பணம் வரவில்லை. நோட்டில் பாக்கி இருந்தது, கேட்கப் போனால் வாட்ச்மேன்தான் இருந்தார்.

அந்த வருஷம் வராக்கடன் எழுதித் தள்ளியதில் கடைக்கு 4,00,000 நஷ்டம். என் 20 சதவீதம் 80,000. அது எந்தக் கணக்கில் போய் விழுந்தது? நடப்புக் கணக்கில்தான். முதல் வட்டியும் இல்லை, ஏனென்றால் முதலுக்கான வட்டியை லாபத்திலிருந்து மட்டுமே கொடுக்கலாம் என்பது சட்டம். வீட்டுச் செலவுக்கு 24,000 எடுத்திருந்தேன். 38,000இல் 24,000 போக 14,000, அதில் 80,000 நஷ்டத்தைக் கழித்தால் 66,000 பற்று. கடை எனக்குத் தர வேண்டியது போய், நான் கடைக்குத் தர வேண்டியவன் ஆனேன். சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து 40,000 கட்டினேன். மிச்சம் அடுத்த இரண்டு வருஷ லாபத்தில் நேரானது.

ஆனால் என் முதல்? அது பத்திரத்தில் எழுதியபடி 1,00,000 ஆகவே நின்றது. லாபப் பங்கு 20 சதவீதமாகவே நின்றது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையாகியிருந்தால், அந்த மார்ச்சில் என் முதல் 34,000. பெரியவர் "உன் முதல் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது தம்பி, லாபமும் அப்படியே" என்று சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க முடியாது. அவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு வழியும் இல்லை, கணக்கு இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

நடப்புக் கணக்கு ஏறும்போது அதை முதல் என்று சொல்கிறவர், அது இறங்கும்போதும் முதல் என்று சொல்லியாக வேண்டும். சின்னப் பங்குதாரருக்குத்தான் அதில் ஆபத்து அதிகம், அவரிடம்தான் இறங்கத் தாங்குகிற தொகை குறைவு.

சரி, அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது?

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 3,40,000 உனக்குச் சேர வேண்டியது. அதில் தகராறு இல்லை. ஆனால் சேர வேண்டியது என்பதும் கடைப் பெட்டியில் இருக்கிறது என்பதும் வேறு. மார்ச் 31 அன்று கடையின் சொத்து எப்படி நின்றது என்று பார்:

கோடவுனில் சரக்கு: 31,00,000
வசூலாக வேண்டிய பாக்கி: 46,00,000
டெபாசிட், அட்வான்ஸ்: 3,00,000
வேன்: 3,80,000
வங்கியிலும் கையிலும் பணம்: 1,60,000
மொத்தம்: 85,40,000

இதெல்லாம் யார் பணத்தில் நிற்கிறது? நம் முதல் 40,00,000. நம் நடப்புக் கணக்குகள் 5,40,000. வங்கி சி.சி. கடன் 18,00,000. சரக்கு கொடுத்தவர்களுக்குப் பாக்கி 22,00,000. அதுவும் 85,40,000.

சி.சி. என்பது சரக்கையும் வசூல் பாக்கியையும் ஈடாக வைத்துக்கொண்டு வங்கி தருகிற சுழல் கடன். போடவும் எடுக்கவும் செய்யலாம், எடுத்து வைத்திருக்கும் தொகைக்கு மட்டும் வட்டி. நம் வரம்பு 20,00,000.

17,80,000 லாபம் என்று நாம் எழுதினோமே, அதில் பெரும்பகுதி எப்படி இருக்கிறது என்றால், மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கொடுத்த பில்களாக இருக்கிறது. பில் போட்ட அன்றைக்கே கணக்கு அதை விற்பனை என்று எழுதிக்கொள்கிறது, லாபம் அதற்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. பணம் வருவது 90 நாள் கழித்து. 120 நாள் ஆகிறவர்களையும் உனக்குத் தெரியும், போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், நேரில் போனால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் உன் பங்கை மார்ச் 31 அன்றே உன் பெயரில் வரவு வைத்தாகிவிட்டது. ஆகவே உன் 3,40,000இல் ஒரு பகுதி இன்னும் ஏதோ ஒரு தோல் ஷாப்பின் பாக்கியாகத்தான் இருக்கிறது.

இப்போது நீ முழுத் தொகையையும் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். கையில் 1,60,000. சி.சி.யில் மிச்சம் 2,00,000. இரண்டையும் சேர்த்து 3,60,000. உனக்கு 3,40,000 கொடுத்தால் கடையிடம் 20,000 இருக்கும். 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்ட வேண்டும், மாதம் பிறந்தால் பையன்களுக்குச் சம்பளம். அன்றைக்கு நான் என் கழுத்துச் சங்கிலியைத்தான் கழற்ற வேண்டும்.

வசூல் வந்து சமாளித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள். உனக்குக் கொடுத்ததற்குச் சமமான தொகை சி.சி.யில் வருஷம் பூராவும் கூடுதலாக நின்றால், 10 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி 34,000. அது கடைச் செலவு. லாபத்திலிருந்து போகும், அதாவது, வரியில் குறைவதை விட்டுப் பார்த்தால், உன்னிடமிருந்து 8,500, என்னிடமிருந்து 25,500. நீ மனை வாங்க, வட்டியில் முக்கால்வாசியை நான் கட்டுகிறேன். கோபமாகச் சொல்லவில்லை தம்பி, கணக்கு அப்படி நடக்கிறது. நான் பெரிய தொகை எடுத்தாலும் இதேதான், அப்போது கால்வாசியை நீ கட்டுவாய். அதனால்தான் மாத எடுப்புக்கு ஒரு வரம்பும், அதற்கு மேல் எடுக்க இரண்டு பேரின் சம்மதமும் என்று பத்திரத்தில் எழுதினோம்.

ஆக, நடப்புக் கணக்கில் நிற்பது உன் உரிமை, ஆனால் கடையில் காசு இருக்கும்போது எடுக்க வேண்டிய உரிமை. முதலோ, நீ பங்குதாரராக இருக்கும்வரை எடுக்கவே வராதது. கடை கலைந்தால்தான் அல்லது நீ விலகினால்தான் அதைப் பற்றிப் பேச்சு. கலைகிறபோதும் முதலில் வெளியாருக்குக் கொடுக்க வேண்டியது, பிறகு பங்குதாரர் கொடுத்த கடன், அதற்குப் பிறகுதான் முதல் என்று சட்டத்தின் 48ஆம் பிரிவு வரிசை போட்டிருக்கிறது.

இந்த வருஷத்திலிருந்து பற்றுப் பக்கத்தில் ஒரு புதுப் பதிவு

இதை ஆடிட்டர் உன்னிடமும் சொல்லியிருப்பார். 2025 ஏப்ரல் 1 முதல், பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். லாபப் பங்குக்குப் பிடித்தம் இல்லை, அதற்கு வரியைக் கடையே கட்டிவிடுகிறது. கையில் கொடுக்காமல் நடப்புக் கணக்கில் வரவு வைத்தாலே பிடித்தாக வேண்டும். இதே சம்பளமும் வட்டியும் இந்த வருஷமும் வந்தால் 4,20,000க்கு 42,000 உன் பற்றுப் பக்கத்தில் ஏறும். ரிட்டர்ன் போடும்போது உன் வரிக் கணக்கில் அது சரியாகும். ஆனால் அடுத்த மார்ச்சில் தாளைப் பார்த்துவிட்டு "42,000 எங்கே மாமா?" என்று பச்சைப் பேனாவோடு வராதே.

நிஜமாகவே முதலைக் கூட்ட வேண்டும் என்றால்

நீ கேட்டதில் நியாயமான ஒரு ஆசை இருக்கிறது, அதை நான் தட்டிவிடவில்லை. நடப்புக் கணக்கில் நிற்பதை முதலாக மாற்ற வழி உண்டு. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு ஸ்டாம்ப் பேப்பரில் துணைப் பத்திரம் எழுத வேண்டும். எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். பிறகு பேரேட்டில் ஒரே ஒரு பதிவு. உதாரணமாக 2,00,000 என்றால், உன் நடப்புக் கணக்குக்குப் பற்று 2,00,000, உன் மூலதனக் கணக்குக்கு வரவு 2,00,000. கடையில் ஒரு ரூபாய்கூட உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை. ஆனால் அந்தத் தொகையின் குணம் மாறிவிடுகிறது. அன்றிலிருந்து அதற்கு 12 சதவீதம், வருஷம் 24,000 வட்டி உண்டு, லாபம் இருந்தால். பதிலுக்கு, கடையில் காசு இருக்கும்போது எடுக்கிற உரிமை போய்விடும். பங்கு சதவீதத்தையும் மாற்ற வேண்டும் என்றால் அது அதே பத்திரத்தில் வேறு ஒரு பத்தி, அதைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை.

ஆகவே மனையா முதலா என்று நீ முடிவு செய். மனை என்றால், மேல்விஷாரத்தில் பழைய பாக்கி இரண்டு இடத்தில் இந்த மாதக் கடைசிக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் 1,00,000 எடுத்துக்கொள், ஜூலை வசூலில் இன்னொரு 1,00,000. மனைக்காரரிடம் இரண்டு தவணையாக அட்வான்ஸ் பேசிப் பார், வேண்டுமானால் நான் வந்து சொல்கிறேன். முதல் என்றால், எவ்வளவு என்று தொகையைச் சொல், ஆடிட்டரிடம் பத்திரத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

டாலியில் அந்த இரண்டு தலைப்பையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும்படி அக்கவுண்டண்ட் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வசூலுக்குப் போகும்போது வண்டியில் பத்திர நகலை எடுத்து வை. மாத எடுப்பைப் பற்றிய பத்தியை நீ இதுவரை படித்ததில்லை என்று நினைக்கிறேன். விஷாரம் போய்ச் சேர்வதற்குள் சத்தமாகப் படித்துக் காட்டு, என் கண்ணாடி வீட்டில் இருக்கும்.

அன்புடன்,
மாமா